வீடு மாறினாலும் ஓய்வூதியம் நிற்காமல் இருக்க: முகவரி, திருமண நிலை, வேலை மாற்றங்களைக் கருவூலத்துக்குத் தெரிவிக்கும் வழி

என் பெரியப்பா பாலக்கோடு பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் இறந்த பிறகு பெரியம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் பாலக்கோடு சார் கருவூலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. தை முடிந்ததும் மகன் அவரை ஓசூருக்கு அழைத்துப் போய்விட்டான். போகிற அவசரத்தில் முதல் வேலையாகப் பாலக்கோட்டு வங்கிக் கணக்கை மூடினார்கள். அந்த மாதக் கடைசியில் பணம் வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை. 71 வயதில் ஓசூருக்கும் பாலக்கோட்டுக்குமாக அவர் பஸ் ஏறி இறங்கியதைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் பலருக்கு இந்த வேலையைச் செய்து கொடுத்திருக்கிறேன். ஏறக்குறைய எல்லோரும் சறுக்குவது ஒரே இடத்தில்தான்: செய்யவேண்டியதைத் தெரிந்துவைத்திருப்பார்கள், வரிசையை மாற்றிச் செய்துவிடுவார்கள்.

இது மாநில அரசு ஓய்வூதியம், குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்களுக்கான வழிகாட்டி. பெரியம்மாவின் கதையையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

1. முதலில், உங்கள் ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது?

கேட்க எளிய கேள்விதான். ஆனால் தவறான அலுவலகத்தில் மனு கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

மாநில அரசு ஊழியராகவோ ஆசிரியராகவோ இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் பணம் தருவது கருவூலம். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் மாவட்டக் கருவூலம் இருக்கிறது. பாலக்கோடு, அரூர், பென்னாகரம், ஓசூர், தேன்கனிக்கோட்டை, ஊத்தங்கரை போன்ற ஊர்களில் சார் கருவூலங்கள் இருக்கின்றன. உங்கள் ஓய்வூதியம் வழங்கும் ஆணையான பி.பி.ஓ. எந்தக் கருவூலத்தில் இருக்கிறதோ அங்கேதான் மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல். அதற்கு முன் ஓய்வு பெற்றவர்களின் பழைய தாள்களில் மாவட்டம் தருமபுரி என்றே இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத் தருமபுரிக்கு ஓட வேண்டாம். இப்போது பணம் அனுப்புகிற கருவூலம் எது என்பதுதான் கணக்கு.

மாதாமாதம் வரும் முதியோர் அல்லது விதவை உதவித்தொகை என்றால் அது கருவூலத்தின் வேலை இல்லை. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரைப் பார்க்க வேண்டும். ஓசூர் கம்பெனிகளில் வேலை பார்த்து பி.எஃப். பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு வருங்கால வைப்பு நிதி அலுவலகம். அவர்களுக்கு 2025 ஜனவரி முதல் நாட்டின் எந்த வங்கிக் கிளையிலும் பணம் பெறும் முறை வந்துவிட்டது, ஊர் மாறினால் பி.பி.ஓ.வை மாற்றத் தேவையில்லை.

2. மாறியது வீடா, வங்கியா, கருவூலமா?

மூன்றும் வெவ்வேறு வேலைகள். மூன்றையும் ஒன்றாக நினைப்பதால்தான் குழப்பமே.

வீடு மட்டும் மாறினால் கருவூலத்துக்கு ஒரு கடிதமும் புதிய முகவரிச் சான்றும் போதும். பணம் பழைய கணக்கிலேயே வரும். வங்கி மாறினால் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணையும் கருவூலத்தில் மாற்ற வேண்டும். கருவூலத்தையே மாற்றுவது இருப்பதில் பெரிய வேலை: பழைய கருவூலம் உங்கள் கோப்பையும், கடைசியாக எந்த மாதம் வரை பணம் கொடுத்தது என்ற சான்றையும் புதிய கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஊர் மாறினால் கருவூலத்தையும் மாற்றியே ஆகவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கட்டாயமில்லை. பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போகிறது, ஏ.டி.எம். எங்கேயும் இருக்கிறது, உயிர்வாழ் சான்றைத் தபால்காரர் மூலம் வீட்டிலிருந்தே கொடுக்கலாம். மகன் வீட்டில் ஆறு மாதம், மகள் வீட்டில் ஆறு மாதம் இருப்பவர்களுக்கு, பெங்களூருக்குப் போய்விட்டவர்களுக்கு, நான் சொல்வது: கருவூலத்தைத் தொடாதீர்கள், முகவரியையும் கைபேசி எண்ணையும் மட்டும் மாற்றுங்கள். இனி ஓசூர்தான், நேரில் போய்க் கேட்டுக்கொள்ள ஓர் அலுவலகம் அருகில் வேண்டும் என்று முடிவான பிறகு கருவூலத்தை மாற்றலாம். பெரியம்மா அப்படித்தான் முடிவு செய்தார்.

3. ஆதார் முகவரி: மற்றதெல்லாம் இதற்குப் பிறகு

வங்கியும் கருவூலமும் முகவரிச் சான்று கேட்கும். மகன் வீட்டுக்கு வந்த அம்மாவின் பெயரில் வாடகை ஒப்பந்தமும் இருக்காது, கரண்ட் பில்லும் இருக்காது. இங்கேதான் பலர் முதலில் நிற்கிறார்கள்.

இதற்கு ஒரு வழி உண்டு. குடும்பத் தலைவரின் ஆதாரை வைத்து முகவரி மாற்றும் வசதி 2023 முதல் இருக்கிறது. மகனின் ஆதாரில் ஓசூர் முகவரி இருந்தால், அம்மாவின் ஆதார் கணக்கிலிருந்து விண்ணப்பம் போட வேண்டும். உறவைக் காட்ட ரேஷன் அட்டை போன்ற ஆவணம் ஒன்று வேண்டும். அதன் பிறகு மகன் தன் ஆதார் கணக்கில் உள்ளே போய் 30 நாளுக்குள் ஒப்புதல் கொடுக்க வேண்டும். இந்த ஒப்புதலை மறந்துவிட்டு, விண்ணப்பம் போட்டாச்சே என்று இருந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். 30 நாள் தாண்டினால் விண்ணப்பம் தள்ளுபடியாகும், முதலிலிருந்து போட வேண்டும்.

பெரியம்மாவின் ஆதாரில் இருந்தது பெரியப்பாவின் பழைய எண். ஓ.டி.பி. அந்த செத்த எண்ணுக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்படி இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைபேசி எண்ணை மாற்றுங்கள். உயிர்வாழ் சான்று எடுக்கும்போதும் கைபேசி எண் கேட்பார்கள், அதனால் இந்த நடை வீண் போகாது.

4. புதிய வங்கிக் கணக்கு: பழையதை மூடாமல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்கிறவர் இதைப் படிக்கட்டும்.

கருவூலம் மாதக் கடைசிக்கு முன்பே பில் தயார் செய்துவிடும். அந்தப் பில்லில் உங்கள் பழைய கணக்கு எண் இருக்கும். நீங்கள் நடுவில் கணக்கை மூடிவிட்டால் பணம் திரும்பிவிடும். திரும்பிய பணத்தைப் பார்த்த கருவூலம், ஆளுக்கு என்ன ஆனதென்று தெரியாததால் அடுத்த மாதத்தை நிறுத்தி வைக்கும். பெரியம்மாவுக்கு நடந்தது இதுதான். யாரும் அவருக்கு ஓய்வூதியம் இல்லை என்று முடிவு செய்யவில்லை. பணம் போய்ச் சேர இடமில்லாமல் போனது, அவ்வளவுதான்.

அதனால் புதிய கணக்கைத் திறங்கள், பழையது அப்படியே இருக்கட்டும். புதிய கணக்கில் முதல் மாத ஓய்வூதியம் வரவாகி, பாஸ்புக்கில் பதிந்து, அதைக் கண்ணால் பார்த்த பிறகு பழையதை மூடலாம். நான் இன்னும் ஒரு மாதம் சேர்த்துக் காத்திருக்கச் சொல்வேன், நிலுவை ஏதாவது பழைய எண்ணுக்குப் போகாமல் இருக்க.

புதிய கணக்கு ஓய்வூதியர் பெயரில் தனிக் கணக்காக இருக்கட்டும். வசதிக்காக மகன் பெயரையும் சேர்த்துத் திறந்துவிட்டு, கருவூலத்தில் ஏற்காமல் திரும்பி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகனுக்கு நியமனதாரர் உரிமை கொடுத்தால் போதும். கணக்கில் உள்ள பெயர் பி.பி.ஓ.வில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்கிறதா என்றும் பாருங்கள். பி.பி.ஓ.வில் கணவர் பெயரின் முதலெழுத்து முன்னால், பாஸ்புக்கில் பின்னால் என்ற சின்ன வித்தியாசத்துக்கே கோப்பு மேசையில் தூங்கும்.

ஒரே வங்கியில் கிளை மட்டும் மாற்றினால் கணக்கு எண் மாறாது, அதனால் கருவூலத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்க வேண்டாம். ஐ.எஃப்.எஸ்.சி. எண் மாறும், அதையும் எழுத்தில் கொடுங்கள்.

5. கருவூலத்துக்கு மனு

கையில் இருக்க வேண்டியவை: பி.பி.ஓ. புத்தகம், புதிய ஆதார் நகல், புதிய பாஸ்புக்கின் முதல் பக்க நகல், பான் அட்டை நகல், ஒரு புகைப்படம். கருவூலம் மாற்றும்போது வங்கிக்கான உறுதிமொழிக் கடிதமும் கேட்பார்கள். கூடுதலாக வரவாகிவிட்ட தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சம்மதம் என்பதுதான் அதன் சாரம், பயப்பட ஒன்றுமில்லை.

மனு நீளமாக இருக்கக் கூடாது. கணக்கை மூடுவதற்கு முன்பே பெரியம்மா கொடுத்திருக்க வேண்டிய மனுவின் மாதிரி இது:

> அனுப்புநர்: (பெயர், புதிய முகவரி, கைபேசி எண்)
> பெறுநர்: உதவிக் கருவூல அலுவலர், சார் கருவூலம், பாலக்கோடு
> பொருள்: குடும்ப ஓய்வூதியம், பி.பி.ஓ. எண் ____, ஓசூர் சார் கருவூலத்துக்கு மாற்றக் கோருதல்
>
> ஐயா, நான் தங்கள் கருவூலத்தில் குடும்ப ஓய்வூதியம் பெற்று வருகிறேன். ____ தேதி முதல் மேற்கண்ட முகவரியில் மகனுடன் நிரந்தரமாக வசிக்கிறேன். என் ஓய்வூதியத்தை ஓசூர் சார் கருவூலத்துக்கு மாற்றி, இத்துடன் இணைத்துள்ள புதிய வங்கிக் கணக்கில் வரவு வைக்க வேண்டுகிறேன். மாற்றம் முடியும் வரை பழைய கணக்கு எண் ____ நடப்பில் இருக்கும். நான் மறுமணம் செய்துகொள்ளவில்லை.

கடைசிக்கு முந்தைய வரியை விட்டுவிடாதீர்கள். கோப்பு நகரும் இடைக்காலத்தில் பழைய கணக்குக்கே அனுப்பலாம் என்ற தைரியத்தை அது கருவூலத்துக்குக் கொடுக்கிறது.

மனுவை மாதத்தின் முதல் பத்து நாளுக்குள் கொடுங்கள். பில் தயாரான பிறகு கொடுத்தால் அந்த மாதத்தில் எதுவும் மாறாது. இரண்டு பிரதி எடுத்துப்போய், ஒன்றில் தேதியும் அலுவலக முத்திரையும் வாங்கிக்கொள்ளுங்கள். நேரில் போக முடியாவிட்டால் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். கவுண்ட்டரில் வாயால் சொல்லிவிட்டு வருவது எதற்கும் ஆகாது. அங்கிருந்த ஊழியர் பெரியம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க வந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குதுங்கம்மா. நாளைக்கு நான் வேற சீட்டுக்குப் போய்ட்டா, கோப்புலதான பாப்பாங்க."

6. இரண்டு முனையிலும் பார்த்துக்கொள்வது

மனு கொடுத்து இரண்டு வாரம் கழித்துப் பழைய கருவூலத்தில் கேளுங்கள்: கோப்பு போய்விட்டதா, கடைசிப் பணம் எந்த மாதத்துக்கு? பதிலை எழுதி வைத்துக்கொண்டு புதிய கருவூலத்தில் கேளுங்கள்: வந்துவிட்டதா, முதல் பணம் எந்த மாதத்திலிருந்து? பாலக்கோடு மார்ச் வரை கொடுத்தது என்றால் ஓசூர் ஏப்ரலிலிருந்து கொடுக்க வேண்டும். இரண்டு பதிலுக்கும் நடுவில் ஒரு மாதம் விழுந்தால் அதை அன்றைக்கே சொல்லிவிடுங்கள், ஆறு மாதம் கழித்து நிலுவையாகக் கேட்பது பெரும்பாடு.

உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒருமுறை காட்டும் நேர்காணலுக்கு எந்த மாதம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஓய்வூதியர்களுக்கு இப்போது அவர்கள் ஓய்வு பெற்ற மாதத்தில் வருடாந்திர நேர்காணல். குடும்ப ஓய்வூதியருக்குப் பதிவேட்டில் எந்த மாதம் குறித்திருக்கிறது என்று கேட்டு, பி.பி.ஓ. அட்டையில் பென்சிலால் எழுதி வையுங்கள். கருவூலம் மாறும் சமயத்திலேயே நேர்காணல் மாதமும் வந்தால், எங்கே கொடுப்பதென்று தெரியாமல் இரண்டு இடத்திலும் கொடுக்காமல் விடுகிறார்கள். பணம் நிற்பதற்கு அதுவே போதும்.

நேரில் போகலாம், அல்லது 70 ரூபாய் கட்டணத்தில் தபால்காரர் வீட்டுக்கே வந்து டிஜிட்டல் உயிர்வாழ் சான்று, அதாவது ஜீவன் பிரமாண், எடுத்துக்கொடுப்பார். அப்போது ஓய்வூதியம் தரும் அலுவலகம் என்ற இடத்தில் தமிழ்நாடு கருவூலமும் சரியான ஊரும் தேர்வாகியிருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய ஊரோ வேறு துறையோ தேர்வாகிவிட்டால் சான்று உருவாகும், ரசீதும் வரும், உங்கள் கருவூலத்துக்கு மட்டும் போய்ச் சேராது.

7. திருமண நிலை மாறினால்

ஜீவன் பிரமாண் எடுக்கும்போது குடும்ப ஓய்வூதியரிடம் இரண்டு கேள்வி வரும்: மறுமணம் ஆகியிருக்கிறதா, மறுபடி வேலையில் இருக்கிறாரா. இதில் ஆம் என்றால் டிஜிட்டல் சான்று அவருக்குப் பொருந்தாது, கருவூலத்தில் நேரில் தாளில்தான் கொடுக்க வேண்டும். அவசரத்தில் யாராவது தவறாக ஆம் என்று தட்டிவிட்டால் பெரிய அலைச்சல். ஒவ்வொரு பதிலையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கணவரை இழந்து குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண் மறுமணம் செய்தால் அவருடைய உரிமை அந்த நாளோடு முடிகிறது. திருமணச் சான்று நகலோடு உடனே கருவூலத்துக்கு எழுதித் தர வேண்டும். பலர் இதை மறைக்கக் காரணம், பிள்ளைகள் வயிற்றில் மண் விழுந்துவிடும் என்ற பயம். ஆனால் முதல் கணவருக்குப் பிறந்த, வயது வரம்புக்குள் உள்ள பிள்ளைகள் இருந்தால் ஓய்வூதியம் அவர்களுக்கு மாறும். 25 வயது, திருமணம், சொந்தச் சம்பாத்தியம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. மறுமணத்தைத் தெரிவித்து, அதே நாளில் பிள்ளை பெயருக்கு மாற்ற மனுவும் கொடுத்தால் குடும்பத்துக்கு வரும்படி தொடரும். மறைத்தால் வாங்கியது முழுவதும் மிகைத்தொகையாகித் திரும்பக் கட்டச் சொல்வார்கள், பிள்ளைக்கு வர வேண்டியதும் தள்ளிப்போகும்.

திருமணமாகாத மகள், கணவரை இழந்த மகள், விவாகரத்தான மகள் குடும்ப ஓய்வூதியம் வாங்கினால், திருமணம் நடந்ததும் அதே விதி. கல்யாண வீட்டு வேலையில் இது யாருக்கும் நினைவில் இருக்காது. பத்திரிகை அடிக்கும்போதே கருவூலத்துக்கான கடிதத்தையும் எழுதி வைத்துவிடுங்கள்.

ஓய்வூதியரின் மனைவி அல்லது கணவர் இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். பணம் நிற்காது. ஆனால் பி.பி.ஓ.வில் அடுத்த உரிமைக்காரராக இருப்பது அவர் பெயர்தான். நிலுவைத் தொகைக்கான வாரிசு நியமனத்தைப் புதிதாகக் கொடுத்தால் பின்னால் பிள்ளைகள் அலைய வேண்டியதில்லை. ஓய்வூதியரே இறந்தால் அந்த வாரத்திலேயே சொல்லுங்கள், இறந்த தேதிக்குப் பிந்தைய வரவை ஏ.டி.எம். அட்டை போட்டு எடுக்காதீர்கள். அந்தத் தொகையைப் பிறகு பிடித்தம் செய்வார்கள்.

8. வேலை கிடைத்தால்

இதில் ஆளுக்கு ஆள் விதி மாறும், ஊரில் கேட்டுக்கொண்டு முடிவு செய்யாதீர்கள்.

கணவரின் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவி தனியார் வேலைக்குப் போவதால் ஓய்வூதியம் நிற்காது. பேக்கரியில் வேலை பார்க்கிறேன், நின்றுவிடுமோ என்று பயந்து கைச்சம்பளம் வாங்கும் பெண்கள் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். அரசு, உள்ளாட்சி, அரசு சார்ந்த நிறுவனம் என்றால் கட்டாயம் தெரிவிக்க வேண்டும், ஏனென்றால் அகவிலைப்படி விஷயத்தைக் கருவூலம் பார்க்க வேண்டியிருக்கும். ஓய்வு பெற்றவர் மறுபடி அரசுப் பணிக்குப் போனாலும் இதேதான்.

மகன் அல்லது மகள் என்ற முறையில் வாங்குகிறவர்களுக்கு வேலை என்பது பெரிய மாற்றம். ஓசூரில் கம்பெனி வேலை கிடைத்துவிட்டது, சம்பளம் குறைவுதானே என்று விட்டுவிடாதீர்கள். பி.எஃப். பிடித்தத்தில் பான், ஆதார் எண்களோடு அந்த வருமானம் பதிவாகிவிடுகிறது. முதல் சம்பளம் வந்த மாதமே நியமனக் கடித நகலோடு எழுதிக் கொடுங்கள். தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்பதை வருமானத்தைப் பார்த்து அவர்கள் சொல்வார்கள். நீங்களாக முடிவு செய்துகொண்டு வருடக் கடைசியில் வேலையில் இல்லை என்ற சான்றில் கையெழுத்துப் போட்டால், அது பொய்ச் சான்றாகிவிடும்.

9. ஏற்கெனவே நின்றுவிட்டால்

பாஸ்புக்கில் கடைசி வரவு எந்த மாதம் என்று பாருங்கள். அதற்கு அடுத்த மாதம் என்ன நடந்தது என்று யோசித்தால் பாதி விடை கிடைத்துவிடும். கணக்கை மூடினீர்களா, கே.ஒய்.சி. கொடுக்காமல் வங்கி முடக்கியதா, நேர்காணல் மாதம் தாண்டியதா, மகள் என்ற முறையில் வாங்குகிறவர் தர வேண்டிய சான்றுகளைக் கொடுக்காமல் விட்டதா. கருவூலத்துக்குப் போனால் "ஏன் நிறுத்தினீர்கள்" என்று தொடங்க வேண்டாம். "பணம் வங்கியிலிருந்து திரும்பியதா, பில்லிலேயே பெயர் இல்லையா" என்று கேளுங்கள். திரும்பியிருந்தால் கணக்கைச் சரிசெய்ய வேண்டும், பில்லில் பெயர் இல்லையென்றால் சான்று பாக்கி. இரண்டுக்கும் மருந்து வேறு.

குறையைச் சரிசெய்த பிறகு நின்ற மாதங்களின் தொகை நிலுவையாக வரும். பெரியம்மாவுக்குப் புதிய கணக்கு எண் பதிவான அடுத்த பில்லில் இரண்டு மாத நிலுவையும் சேர்ந்தே வந்தது. ஓசூருக்குக் கோப்பு மாறியது அதற்குப் பிறகு, தனி மனுவில். இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டிருந்தால் நிலுவை எந்தக் கருவூலத்தின் பொறுப்பு என்ற கேள்வி வந்திருக்கும். அதனால் நின்றுபோன ஓய்வூதியத்தை முதலில் பழைய கருவூலத்திலேயே ஓட வைத்து, அப்புறம் மாற்றுங்கள்.

மனு கொடுத்து இரண்டு பில் கடந்தும் அசைவில்லையென்றால், முத்திரை வாங்கிய அந்தப் பிரதியின் நகலோடு மாவட்டக் கருவூல அலுவலருக்கு எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் இருக்கிறது, ஓய்வூதியர்களுக்கென்று தனிக் குறைதீர் கூட்டமும் நடக்கிறது. எங்கே போனாலும் முதலில் கேட்பது "எப்போது மனு கொடுத்தீர்கள்" என்பதுதான். அதற்குத்தான் அந்த முத்திரைப் பிரதி.